கடன் உள்ள நிறுவனத்தையும் கடன் இல்லாத நிறுவனத்தையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

கேள்வி: “ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு கம்பெனிகளைப் பார்க்கிறேன். ஒன்று கடனே வாங்காதது, இன்னொன்று நிறையக் கடன் வாங்கியது. முதலாவதன் நிகர இலாபம்தான் அதிகம். ஆனால் ஆர்ஓசிஇ-யைப் பார் என்கிறார்கள். கையில் இலாபக் கணக்கே இருக்கும்போது இந்த விகிதம் எதற்கு? இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?”

நிகர இலாபம் என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறுபட்ட செய்திகள் கலந்திருக்கின்றன. தொழில் எவ்வளவு ஈட்டியது என்பது ஒன்று. அந்தத் தொழிலுக்கான பணம் யாரிடமிருந்து வந்தது என்பது மற்றொன்று. கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டிய கூலி வட்டி என்ற பெயரில் செலவாகக் கழிக்கப்பட்டுவிடுகிறது. பங்குதாரர் போட்ட பணத்துக்கு உரிய கூலி எங்கும் கழிக்கப்படுவதில்லை. அதுவே இலாபம் என்ற பெயரில் கடைசி வரியில் நிற்கிறது. ஆகவே கடனில்லாத நிறுவனத்தின் நிகர இலாபம் மொத்த மூலதனத்தின் பலனையும், கடனுள்ள நிறுவனத்தின் நிகர இலாபம் மூலதனத்தின் ஒரு பகுதிக்கு எஞ்சிய பலனை மட்டுமே காட்டுகின்றன. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது சமமான ஒப்பீடு அல்ல.

ஈடுபடுத்திய மூலதனத்தின் மீதான ஈட்டு விகிதம், அதாவது ஆர்ஓசிஇ, இந்தக் கலப்பைப் பிரித்தெடுக்கும் முயற்சி. வட்டியும் வரியும் கழிக்கப்படுவதற்கு முந்தைய இயக்க இலாபத்தை, தொழிலில் ஈடுபட்டிருக்கும் மொத்த மூலதனத்தால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வதே அது. மொத்த மூலதனம் என்பதில் பங்குதாரர் நிதியும் வட்டிக்கு வாங்கிய கடனும் சேரும். மேலே உள்ள இலாபத்திலிருந்து வட்டியைக் கழிக்கவில்லை. எனவே கீழே கடனையும் சேர்த்தே ஆக வேண்டும். இந்த இணக்கம்தான் விகிதத்தின் உயிர். பின்னால் நான் சொல்லப்போகும் தவறுகள் பலவும் இந்த இணக்கம் கலைவதால் வருபவை.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு மாறாது. முதல் நிறுவனம் 1,000 மூலதனத்தை முழுக்கப் பங்குதாரர் நிதியாகவே திரட்டியிருக்கிறது. இயக்க இலாபம் 150. வட்டி இல்லை. வரி 25 சதவீதம் என்று கொண்டால் 37.5 போக நிகர இலாபம் 112.5. இரண்டாம் நிறுவனத்திலும் அதே 1,000 மூலதனம், அதே இயந்திரங்கள், அதே 150 இயக்க இலாபம். ஆனால் 400 மட்டுமே பங்குதாரர் நிதி, 600 என்பது 10 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன். வட்டி 60 போக 90, அதில் வரி 22.5 போக நிகர இலாபம் 67.5. நிகர இலாபத்தை மட்டும் பார்ப்பவர் முதல் நிறுவனம் வெகுவாக முந்தியிருப்பதாக முடிவு செய்வார். தொழிற்கூடத்துக்குள் நடப்பதில் இரண்டுக்கும் கடுகளவு வேறுபாடும் இல்லை. ஆர்ஓசிஇ இரண்டிலும் 15 சதவீதமே.

இலாபத்தைப் பங்குதாரர் நிதியால் வகுத்தால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்று சிலர் கேட்பதுண்டு. தீராது, தவறு எதிர்ப்பக்கம் சாயும். முதல் நிறுவனத்தில் பங்குதாரர் ஈட்டு விகிதம் 11.25 சதவீதம், இரண்டாவதில் ஏறத்தாழ 16.9 சதவீதம். இப்போது இரண்டாவது நிறுவனம் சிறந்ததாகத் தோன்றுகிறது. இங்கே மூன்றாவதாக ஒரு நிறுவனத்தைக் கொண்டுவருகிறேன். அதுதான் இந்த அளவுகோலின் பலவீனத்தை முழுதாக வெளிப்படுத்தும். அதன் மூலதனமும் 1,000 தான், ஆனால் தொழில் சற்று மட்டம்; இயக்க இலாபம் 130 மட்டுமே. பங்குதாரர் நிதி 200, கடன் 800. வட்டி 80 போக 50, வரி 12.5 போக நிகர இலாபம் 37.5. அதை 200 ஆல் வகுத்தால் 18.75 சதவீதம். அதாவது மூன்றிலும் மோசமாக நடக்கும் தொழில், பங்குதாரர் ஈட்டு விகிதத்தில் முதலிடம் பிடிக்கிறது. ஆர்ஓசிஇ மட்டுமே அதை 13 சதவீதம் என்று உரிய இடத்தில் உட்கார வைக்கிறது.

இந்த ஏற்றம் எங்கிருந்து வருகிறது என்பதும் அந்த எண்களிலேயே இருக்கிறது. தொழில் ஒவ்வொரு 100-க்கும் 13 ஈட்டுகிறது, கடனுக்கு 10 மட்டுமே கொடுக்கிறது. இடைப்பட்ட 3 பங்குதாரர் பக்கம் சேர்கிறது. ஈட்டு விகிதம் வட்டி விகிதத்தைவிட மேலே இருக்கும்வரை, கடன் கூடக்கூடப் பங்குதாரர் விகிதமும் கூடும். கீழே இறங்கினால் அதே இயந்திரம் பின்னோக்கிச் சுழலும். ஒரு மந்தமான ஆண்டில் மூன்று நிறுவனங்களின் இயக்க இலாபமும் 40 சதவீதம் குறைவதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டிலும் அது 90 ஆகும். ஆர்ஓசிஇ 9 சதவீதம். கடனில்லாத நிறுவனத்தின் பங்குதாரர் விகிதம் 6.75 சதவீதமாகக் குறைகிறது. கடனுள்ள இரண்டாவதில் வட்டி 60 போக 30 எஞ்சி, வரி போக 22.5, அதாவது 5.6 சதவீதம். முந்தியிருந்த வரிசை தலைகீழாகிவிட்டது. மூன்றாவது நிறுவனத்தின் இயக்க இலாபம் 78; வட்டியோ 80. நட்டம். சென்ற ஆண்டு 18.75 சதவீதம் காட்டிய நிறுவனம்தான் இது. ஆர்ஓசிஇ 7.8 சதவீதம் என்று சொல்லியிருக்கும். அதைக் கடனின் 10 சதவீதத்தோடு வைத்துப் பார்த்தவுடன் நிலைமை புரிந்திருக்கும். இந்த ஒப்பீட்டில் இரண்டும் வரிக்கு முந்தைய விகிதங்கள் என்பதைக் கவனியுங்கள். வரிக்குப் பிந்தைய மூலதனச் செலவோடு வைத்துப் பார்க்க விரும்பினால், இயக்க இலாபத்திலும் வரியைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது கணக்கு, அதில் ஐயத்துக்கு இடமில்லை. அச்சிட்ட அறிக்கையிலிருந்து அந்த 150-ஐயும் 1,000-ஐயும் எப்படி எடுப்பது என்பதில்தான் ஐயங்கள் தொடங்குகின்றன. நிறுவனங்களின் அறிக்கைகளைப் பல ஆண்டுகள் வாசித்த பழக்கத்தில் சொல்கிறேன்: ஆயத்தமாகக் கிடைக்கும் ஆர்ஓசிஇ எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இரண்டு எண்களையும் நீங்களே எடுத்து வகுப்பது நல்லது. இந்த விகிதத்துக்குக் கணக்கியல் தரங்களில் கட்டாயமான வரையறை இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் முறையில் கணக்கிடுகிறார்கள்.

பாடநூல்களில் பரவலாக உள்ள வாய்பாடு, மொத்தச் சொத்துகளிலிருந்து நடப்புப் பொறுப்புகளைக் கழித்தால் ஈடுபடுத்திய மூலதனம் கிடைக்கும் என்கிறது. நம் இரண்டாம் நிறுவனத்தின் மொத்தச் சொத்து 1,200, சரக்கு வழங்கியவர்களுக்குத் தர வேண்டியது 200 என்று கொண்டால், 1,000 சரியாக வருகிறது. அடுத்த ஆண்டு, 600 கடனில் 300-ஐப் பன்னிரண்டு மாதங்களுக்குள் திருப்பிச் செலுத்தும் கட்டம் வருகிறது. கணக்கியல் விதிப்படி அந்த 300 நீண்டகாலக் கடனிலிருந்து நடப்புப் பொறுப்புகளுக்கு இடம் மாறும். இப்போது வாய்பாட்டின்படி 1,200-இலிருந்து 500 கழிந்து மூலதனம் 700 ஆகிறது. 150-ஐ 700 ஆல் வகுத்தால் 21.4 சதவீதம். ஒரு காசும் திருப்பித் தரப்படவில்லை, ஒரு பொருளும் கூடுதலாக விற்கவில்லை; விகிதம் மட்டும் 15-இலிருந்து 21-ஐத் தாண்டிவிட்டது. இதைவிட விபரீதமும் உண்டு. கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனை மீறப்பட்டு, ஆண்டு இறுதியில் வங்கி எப்போது கேட்டாலும் திருப்பித் தர வேண்டிய நிலையில் இருந்தால், நீண்டகாலக் கடன் முழுவதுமே நடப்புப் பொறுப்பாகக் காட்டப்பட வேண்டியிருக்கும். நிறுவனம் நெருக்கடியில் சிக்கிய அதே ஆண்டில் இந்த வாய்பாடு அதைப் புகழ்ந்து பேசும்.

மருந்து எளியது. வட்டி சுமக்காத நடப்புப் பொறுப்புகளை மட்டும் கழியுங்கள். வட்டி சுமக்கும் எதுவானாலும், நாளையே தவணை முடிந்தாலும், அது மூலதனம்தான். சரிபார்க்க, மறுபக்கத்திலிருந்தும் கட்டிப் பாருங்கள்: பங்குதாரர் நிதி, நீண்டகாலக் கடன், குறுகியகாலக் கடன், இவ்வாண்டு முதிரும் கடன் தவணைகள், குத்தகைப் பொறுப்பு ஆகியவற்றைக் கூட்டினால் சொத்துப் பக்கத்திலிருந்து வந்த தொகைக்கு அருகில் வர வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால், ஓய்வூதியக் கடப்பாடு, ஒத்திவைக்கப்பட்ட வரி போன்ற ஏதோ ஒன்று நடுவில் நிற்கிறது. அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம்; ஒப்பிடும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே முறையைக் கடைப்பிடிப்பதில் வேறுபாடு இருக்கக் கூடாது.

வட்டி சுமக்காத பொறுப்புகளைக் கழிக்கச் சொன்னேன். நேர்மையாகச் சொன்னால், அங்கேயும் ஒரு கசிவு இருக்கிறது. இரண்டாம் நிறுவனம், சரக்கு தருபவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைத் தாமதப்படுத்தி, பாக்கியை 200-இலிருந்து 350 ஆக்குகிறது. மிச்சமான 150-ஐக் கொண்டு வங்கிக் கடனை 450 ஆகக் குறைக்கிறது. சரக்கு தருபவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். காத்திருப்பதற்கான கூலியைச் சரக்கின் விலையில் ஏற்றுகிறார்கள். அவர்களும் வங்கியைப் போலவே 10 சதவீதம் வாங்குவதாகக் கொண்டால், கொள்முதல் செலவு 15 கூடி, இயக்க இலாபம் 135 ஆகும். வட்டி 60-இலிருந்து 45 ஆகக் குறையும். வரிக்கு முந்தைய இலாபம் முன்பிருந்த அதே 90. நிறுவனத்துக்கு எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் 135-ஐ 850 ஆல் வகுத்தால் ஆர்ஓசிஇ ஏறத்தாழ 15.9 சதவீதம். விகிதம் 15 சதவீதமாக இருக்கும்போது 10 சதவீதச் செலவுள்ள ஒரு நிதியைக் கணக்கிலிருந்து மறைத்தால் எஞ்சியதன் சராசரி உயரத்தான் செய்யும். ஆகவே கடனா பங்கா என்ற வேறுபாட்டை ஆர்ஓசிஇ முழுமையாக நீக்குகிறது; கடனா வணிகப் பாக்கியா என்ற வேறுபாட்டை முழுமையாக நீக்குவதில்லை. பாக்கித் தொகையை ஆண்டுக் கொள்முதலால் வகுத்து நாட்களாக மாற்றிப் பார்த்தால் இது பிடிபடும். ஒரு நிறுவனம் ஏறத்தாழ 60 நாட்களிலும் மற்றொன்று 150 நாட்களிலும் பணம் கொடுப்பதாகத் தெரிந்தால், இரண்டாவதன் உயர்ந்த ஆர்ஓசிஇ-யைத் தள்ளுபடியுடன் வாசிக்க வேண்டும். பேரம் பேசும் வலிமையால் வட்டியே இல்லாமல் பெற்ற அவகாசமாக இருந்தால் அது உண்மையான பலம். விலையில் ஏற்றப்பட்ட அவகாசமா என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல இயலாது.

குத்தகையிலும் இதே கதை, சற்றுப் பெரிய அளவில். முதல் நிறுவனம் 1,000-இல் 400 மதிப்புள்ள இயந்திரங்களைச் சொந்தமாக வாங்காமல் குத்தகைக்கு எடுத்திருந்தால், வாடகைக்குள் இயந்திரத்தின் தேய்மானமும், 400-க்கு 10 சதவீதம் வீதம் 40 வட்டியும் ஒளிந்திருக்கும். வாடகை முழுவதையும் செலவாகக் காட்டினால் இயக்க இலாபம் 110, மூலதனம் 600, விகிதம் 18.3 சதவீதம். பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம் 16, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், அதைப் பின்பற்றும் நிறுவனங்கள் பெரும்பாலான குத்தகைகளைச் சொத்தாகவும் பொறுப்பாகவும் காட்ட வேண்டும். தேய்மானம் இயக்கச் செலவிலும், வட்டி நிதிச் செலவிலும் பிரிந்து நிற்கும். குத்தகைப் பொறுப்பையும் மூலதனத்தில் சேர்த்தால் 150-க்கு 1,000, பழையபடி 15 சதவீதம். அமெரிக்கத் தரத்தில் இயக்கக் குத்தகையின் பொறுப்பு இருப்புநிலைக் குறிப்பில் ஏறினாலும், வாடகை ஒரே தொகையாக இயக்கச் செலவிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பொறுப்பை மூலதனத்தில் சேர்த்துவிட்டு இலாபத்தைத் திருத்தாமல் விட்டால் 110-க்கு 1,000, அதாவது 11 சதவீதம் வரும். ஒரே தொழிலுக்கு 18.3, 15, 11 என்று மூன்று விடைகள். 15 மட்டுமே மேலும் கீழும் இணங்கியது. வேறு வேறு தரங்களின்படி கணக்கு எழுதும் இரு நிறுவனங்களை ஒப்பிடும்போதும், 2019-க்கு முந்தைய ஆண்டுகளைப் பிந்தையவற்றோடு ஒப்பிடும்போதும் இதைத் திருத்தாமல் எதுவும் சொல்லக் கூடாது.

கையிருப்புப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்குத் தேவைப்படாத பெரிய வைப்புத் தொகை இருந்தால், அதன் வட்டி வரவை இயக்க இலாபத்தில் சேர்க்காதபோது வைப்புத் தொகையையும் மூலதனத்திலிருந்து நீக்க வேண்டும். இரண்டையும் சேர்ப்பதும் ஒரு முறைதான், ஒன்றைச் சேர்த்து ஒன்றை விடுவது மட்டும் கூடாது. மூலதனத்துக்கு ஆண்டுத் தொடக்கம், முடிவு இரண்டின் சராசரியை எடுப்பது பொதுவாக நல்லது, ஏனெனில் ஆண்டின் கடைசி மாதத்தில் கடன் வாங்கி எழுப்பிய ஆலை அந்த ஆண்டு எதையும் ஈட்டியிருக்காது.

நிதியளிப்பு சார்ந்த கோளாறுகளைவிட நான் அதிகம் அஞ்சுவது சொத்துகளின் வயதை. முதல் நிறுவனத்தின் 1,000-இல் 800 ஆலைக்கும் 200 நடைமுறை மூலதனத்துக்கும் சென்றதாகவும், ஆலையின் ஆயுள் பத்தாண்டுகள் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 80 தேய்மானம் எழுதப்படுகிறது; அந்த அளவு ரொக்கம் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தரப்படுகிறது. ஐந்தாண்டு முடிவில் ஆலையின் ஏட்டு மதிப்பு 400, மூலதனம் 600. இயக்க இலாபம் அசையாமல் 150-லேயே நின்றாலும் ஆர்ஓசிஇ 25 சதவீதம். பக்கத்தில் நேற்றுப் புதிய ஆலை கட்டிய, எல்லா வகையிலும் சமமான போட்டியாளர் 15 சதவீதத்தில் நிற்பார். பழைய ஆலையின் 25 சதவீதம் திறமையைக் குறிக்கவில்லை. ஏடு தேய்ந்திருப்பதைக் குறிக்கிறது. விலைவாசி ஏறிவந்த காலமாக இருந்தால் இடைவெளி இன்னும் விரியும், ஏனெனில் பழைய ஆலை பழைய விலையில் ஏட்டில் இருக்கிறது. மேலாளரின் ஊக்கத்தொகை இந்த விகிதத்தோடு கட்டப்பட்டிருந்தால், இயந்திரங்களை மாற்றாமல் தள்ளிப்போடுவதே அவருக்கு இலாபம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். இதைக் கண்டுபிடிக்க, நிலையான சொத்துகள் பற்றிய குறிப்பில் திரண்ட தேய்மானத்தை அச்சொத்துகளின் மூல விலையால் வகுத்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் அது 20 சதவீதமும் மற்றொன்றில் 70 சதவீதமும் என்றால், இருவரின் மூலதனத்தையும் தேய்மானம் கழிக்காத மூல விலையில் வைத்து இன்னொரு முறை கணக்கிடுங்கள். அந்தக் கணக்கில் இலாபத்தையும் தேய்மானத்துக்கு முந்தையதாக மாற்ற வேண்டும். வரும் சதவீதம் மூலதனச் செலவோடு ஒப்பிடத்தக்கதாக இருக்காது, ஆனால் இரண்டு நிறுவனங்களுக்கிடையே யார் முன்னால் என்பதைக் காட்டப் போதும்.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்த விகிதத்தைப் போட வேண்டாம். அவற்றுக்குக் கடன் என்பது கச்சாப் பொருள், வட்டி என்பது அதன் கொள்முதல் விலை. வட்டிக்கு முந்தைய இலாபம் என்ற சொல்லுக்கே அங்கே பொருளில்லை.

ஆர்ஓசிஇ-யைப் பார்த்தபின் கடனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்வதாகவும் கொள்ளக் கூடாது. கடனை ஒப்பீட்டிலிருந்து விலக்குவதற்காகவே உண்டான அளவு, கடனின் ஆபத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு இயக்க இலாபம் வட்டியைப்போல் எத்தனை மடங்கு என்று தனியே பார்க்க வேண்டும்: நல்ல ஆண்டில் இரண்டாம் நிறுவனத்தில் அது 2.5 மடங்கு, மூன்றாவதில் 1.6 மடங்கு. நீங்கள் பார்க்கும் இரண்டு கம்பெனிகளுக்கும் ஐந்தாறு ஆண்டுகளின் எண்களை எடுத்து, குறுகியகாலக் கடனையும் குத்தகையையும் மூலதனத்தில் சேர்த்து, ஆண்டுவாரியாக ஆர்ஓசிஇ-யை ஒரு வரிசையிலும் வட்டி மடங்கை அடுத்த வரிசையிலும் எழுதுங்கள். கடனுள்ள கம்பெனியின் முதல் வரிசை மற்றதைவிடத் தொடர்ந்து உயர்ந்திருந்தால், அதன் குறைந்த நிகர இலாபம் தொழிலின் குறையல்ல, பணம் வந்த வழியின் விளைவு. முதல் வரிசையும் தாழ்ந்திருந்தால், வட்டியை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தத் தொழில் பின்தங்கியே இருக்கிறது.